ரவுட்டர் அட்மின் பக்கம்: திறக்காவிட்டால், உள்ளே விடாவிட்டால், பாஸ்வேர்டு மாறாவிட்டால் என்ன செய்வது?

எங்கள் பகுதியில் வைஃபை பிரச்சினை என்று கூப்பிட்டால் போய்ப் பார்ப்பவன் நான். ரவுட்டருக்குள் முதல் தடவை நுழைந்து, கம்பெனி வைத்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது பத்து நிமிட வேலைதான். ஆனால் பாதிப் பேர் நடுவழியில் சிக்கி, ஊசியை எடுத்து ரீசெட் ஓட்டையில் குத்திவிடுகிறார்கள். அதற்கப்புறம் இணையமே போய்விடுகிறது. அதனால் இதை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ரீசெட் எல்லாவற்றிலும் கடைசியில்தான் வரும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் வைஃபையை இணைக்கப் போடும் பாஸ்வேர்டு வேறு, ரவுட்டரின் அமைப்புகளுக்குள் போக வேண்டிய அட்மின் பாஸ்வேர்டு வேறு. முன்னதை விருந்தாளிக்கும் சொல்லலாம். பின்னதை யாருக்கும் சொல்லக் கூடாது.

## அறிகுறி 1: முகவரியைப் போட்டால் பக்கமே திறக்கவில்லை

கூகுள் தேடல் முடிவுகள் வருகின்றனவா? அப்படியென்றால் முகவரி தேடல் சொல்லாகப் போய்விட்டது. மேலே உள்ள முகவரிப் பட்டையில் `http://` சேர்த்து முழுசாக அடியுங்கள். சில பிரவுசர்கள் தாமாகவே `https` ஆக மாற்றிப் பார்க்கும். பழைய ரவுட்டர்கள் அதற்குப் பதிலே சொல்லாது.

போனில் முயல்கிறீர்களா? மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். புது ரவுட்டரில் இன்னும் இணையம் வந்திருக்காது. அதனால் போன், "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று முடிவு செய்து சத்தமில்லாமல் சிம் வழியாகப் போய்விடும். இணையம் இல்லாவிட்டாலும் இதிலேயே இருக்கவா என்று கேட்டால் ஆம் சொல்லுங்கள். விபிஎன் ஆப் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். ரவுட்டரில் விருந்தினர் வைஃபை தனியாக இருந்தால் அதில் இணைந்து முயல வேண்டாம், பெரும்பாலும் அங்கிருந்து அட்மின் பக்கம் திறக்காது.

முகவரியே தவறாக இருக்கலாம். 192.168.1.1 எல்லா ரவுட்டருக்கும் பொதுவானது அல்ல. டிபி-லிங்க், டி-லிங்க், டெண்டா பெட்டிகள் பலவற்றில் 192.168.0.1 இருக்கும். ஜியோஃபைபரில் 192.168.29.1, ஷாவ்மியில் 192.168.31.1, ஹுவாவே ஃபைபர் பெட்டிகள் பலவற்றில் 192.168.100.1. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, உங்கள் கம்ப்யூட்டரே சொல்லும். விண்டோஸில் Command Prompt திறந்து இதை அடியுங்கள்:

```
ipconfig
```

Default Gateway என்ற வரியில் வரும் எண்தான் நீங்கள் அடிக்க வேண்டிய முகவரி. ஆண்ட்ராய்டில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டால் Gateway என்று இருக்கும். ஐபோனில் அதே இடத்தில் Router என்று இருக்கும். பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரை விட இந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். ஃபைபர் பெட்டியும் அதே எண் வரிசையில் இருந்தால், சில ரவுட்டர்கள் மோதலைத் தவிர்க்கத் தம் முகவரியைத் தாமே மாற்றிக்கொள்ளும். ஸ்டிக்கரில் பழைய எண்தான் இருக்கும்.

Default Gateway காலியாக இருக்கிறதா, IPv4 Address வரியில் உங்கள் கம்ப்யூட்டரின் எண் 169.254 என்று தொடங்குகிறதா? ரவுட்டரிடமிருந்து கம்ப்யூட்டருக்கு முகவரியே கிடைக்கவில்லை என்று அர்த்தம். கேபிளை வேறொரு மஞ்சள் அல்லது LAN துளையில் மாற்றிப் போடுங்கள். வெளியிலிருந்து இணையம் வந்து சேரும் WAN துளையில் போட்டிருந்தால் இப்படித்தான் ஆகும். ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். வேறு கேபிள், வேறு கம்ப்யூட்டர் எல்லாம் பார்த்தும் அதே 169.254 வந்தால் பெட்டியில் கோளாறு இருக்கலாம். உத்தரவாதம் இருக்கிறதா என்று பார்த்து, கடைக்கு எடுத்துப் போக வேண்டிய கட்டம் அதுதான்.

## அறிகுறி 2: "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று சிவப்பு எச்சரிக்கை வருகிறது

இது பெரும்பாலும் பழுது அல்ல. ரவுட்டர் தனக்குத் தானே ஒரு சான்றிதழ் எழுதிக்கொண்டு வருகிறது. பிரவுசருக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை.

இரண்டு விஷயம் சரியாக இருந்தால் Advanced அழுத்தி உள்ளே போகலாம்: முகவரிப் பட்டையில் இருப்பது நீங்கள் Gateway-யில் பார்த்த அதே எண், நீங்கள் இணைந்திருப்பது உங்கள் வீட்டு வைஃபை அல்லது கேபிள். இதில் எது பொருந்தாவிட்டாலும் பாஸ்வேர்டை அடிக்காதீர்கள். இதே எச்சரிக்கை வங்கித் தளத்துக்கு வந்தால் கதை வேறு. அறிகுறி 7-ஐப் பாருங்கள்.

## அறிகுறி 3: பக்கம் திறக்கிறது, பாஸ்வேர்டு தவறு என்கிறது

அதிகம் கூப்பிடுவது இதற்குத்தான். மலிவான காரணத்திலிருந்து தொடங்கலாம்.

ஸ்டிக்கரில் தவறான வரியைப் படிக்கிறீர்கள். ஸ்டிக்கரில் Wi-Fi Password, WLAN Key, PIN என்றெல்லாம் இருப்பது வைஃபைக்கு. Login, Web Login, Username என்ற வரியைத் தேடுங்கள். போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள், சுழியமும் ஆங்கில ஓவும், ஒன்றும் சின்ன எல்லும் ஒன்று போலவே அச்சாகியிருக்கும். புது மாடல்கள் சிலவற்றில் அந்த வரியே இருக்காது. முதல் தடவை திறக்கும்போது "புது பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கு" என்று பக்கமே கேட்கும். கேட்டால் நல்லது, அறிகுறி 4-ஐத் தாண்டி நேராக 5-க்குப் போகலாம்.

தப்பாக நிறைய தடவை அடித்துவிட்டீர்கள். பல ரவுட்டர்கள் சில முயற்சிக்குப் பின் பூட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் சரியான பாஸ்வேர்டையே போட்டாலும் விடாது. விட்டுவிட்டுப் பிறகு வாருங்கள். மின்சாரத்தை அணைத்துப் போட்டால் பல மாடல்களில் பூட்டு கழன்றுவிடும்.

வேறு பெட்டியின் கதவைத் தட்டுகிறீர்கள். வீட்டில் இரண்டு பெட்டி இருந்தால் இது கட்டாயம் பார்க்க வேண்டியது. ஒரு ட்யூஷன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கீழே ஹாலில் கேபிள்காரர் வைத்த வெள்ளை ஃபைபர் பெட்டி. அதிலிருந்து ஒரு கேபிள் மாடிக்குப் போய், கடையில் வாங்கிய கறுப்பு ரவுட்டரில் சேர்கிறது. மாடியில் உட்கார்ந்து, கறுப்பு ரவுட்டரின் வைஃபையில் இணைந்து, யாரோ சொன்னார்கள் என்று 192.168.1.1 அடித்திருக்கிறார்கள். பக்கமும் திறந்தது. கறுப்புப் பெட்டியின் ஸ்டிக்கரில் இருந்ததைப் போட்டால் தவறு, தவறு, தவறு. "ஸ்டிக்கரே பொய்" என்று முடிவுகட்டி, ரீசெட் செய்ய ஊசி எடுக்கும் நிலையில் எனக்குப் போன் வந்தது.

நான் போனவுடன் அடித்தது, இணையத்துக்குப் போகும் வழியில் உள்ள பெட்டிகளை வரிசையாகக் காட்டும் இந்தக் கட்டளை:

```
tracert -d 8.8.8.8
```

முதல் இரண்டு வரிகள்:

```
  1    1 ms    1 ms    1 ms  192.168.0.1
  2    2 ms    2 ms    2 ms  192.168.1.1
```

முதல் வரிதான் மாடியில் உள்ள கறுப்பு ரவுட்டர். இரண்டாவது கீழே உள்ள வெள்ளைப் பெட்டி. மாடி ரவுட்டர் வழியாகவே கீழ்ப்பெட்டியின் பக்கம் திறந்திருக்கிறது, இவர்கள் அதில் மாடிப்பெட்டியின் பாஸ்வேர்டைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 192.168.0.1 அடித்ததும் ஸ்டிக்கரில் இருந்தது முதல் தடவையே உள்ளே விட்டது. அந்த ஊசி மட்டும் கீழ்ப்பெட்டியில் இறங்கியிருந்தால் அன்று வகுப்பு நடந்திருக்காது. அங்கே இரண்டு பெட்டியிலும் கம்பெனி பாஸ்வேர்டுதான் இருந்தது, இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தது. லாகின் பக்கத்தில் கம்பெனி பெயரோ மாடல் எண்ணோ இருக்கும், எதன் முன்னால் நிற்கிறோம் என்பதை அதைப் பார்த்தும் உறுதி செய்துகொள்ளலாம்.

இணைப்பு கொடுத்தவர் மாற்றி வைத்திருக்கிறார். உள்ளூர் கேபிள்காரர்கள் பலர் இணைப்புக் கொடுக்கும் அன்றே தங்கள் பாஸ்வேர்டைப் போட்டுவிடுவார்கள். யூகித்துக்கொண்டிருக்காமல் நேரே கேளுங்கள்: "அண்ணா, ரவுட்டர் லாகின் என்ன வச்சிருக்கீங்க? நான் மாத்திக்கலாமா?" இது உங்கள் வீட்டுப் பெட்டி, கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இது எதுவும் இல்லை என்றால்தான் ரீசெட். அதிலும் யாருடைய பெட்டி என்று பார்க்க வேண்டும்.

நீங்களே கடையில் வாங்கிய ரவுட்டர் என்றால், முதலில் இணைப்பு வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டால்தான் இணையம் வரும் PPPoE வகை என்றால், இணைப்பு கொடுத்தவரிடம் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டு எழுதி வைத்துக்கொண்ட பிறகே பெட்டியைத் தொடுங்கள். பின், மின்சாரம் ஓடும்போதே ரீசெட் பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடித்து, விளக்குகள் எல்லாம் ஒரு சேர மின்னியதும் விடுங்கள்.

கண்ணாடி இழை நேராக வந்து சேரும் ஃபைபர் பெட்டி என்றால் ரீசெட் வேண்டாம். அதற்குள் PPPoE விவரம் மட்டுமல்ல, விலான் எண் போன்ற, ஆபரேட்டர் மட்டுமே அறிந்த அமைப்புகளும் இருக்கும். எல்லாம் அழிந்துபோனால் ஆள் வந்து திரும்பப் போடும்வரை வீட்டில் இணையம் இருக்காது. இந்த இடத்தில் போன் போட்டுக் கூப்பிடுவதுதான் சரி.

## அறிகுறி 4: உள்ளே போய்விட்டேன், பாஸ்வேர்டு மாற்றும் இடம் தெரியவில்லை

பச்சைப் பட்டை உள்ள பழைய டிபி-லிங்க் பக்கத்தில் System Tools, அதற்குள் Password. நீல நிறப் புதுப் பக்கத்தில் Advanced, System, Administration. ஃபைபர் பெட்டிகளில் Management அல்லது Administration தலைப்பின் கீழ் User, Account, Access Control என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். Wireless அல்லது WLAN தலைப்புக்குள் தேடாதீர்கள், அங்கே மாற்றினால் வைஃபை பாஸ்வேர்டுதான் மாறும், வீட்டில் எல்லாப் போனும் துண்டிக்கப்படும்.

எங்கே தேடியும் இல்லையா? நீங்கள் நுழைந்தது சாதாரணக் கணக்காக இருக்கலாம். ஃபைபர் பெட்டிகளில் வீட்டுக்காரருக்கு ஒரு கணக்கு, ஆபரேட்டருக்கு ஒரு பெரிய கணக்கு என்று இரண்டு இருப்பது வழக்கம். அந்தப் பெரிய கணக்கின் பாஸ்வேர்டு பல மாடல்களுக்கு இணையத்தில் கிடைக்கிறது. அது உங்களுக்குக் கிடைத்தால் அடுத்தவருக்கும் கிடைக்கும் என்பதுதான் கவலை. இருந்தாலும் நீங்களாக அதை மாற்றிவிட்டால் ஆபரேட்டர் தூரத்திலிருந்து சரிசெய்ய முடியாமல் போகலாம். அவரையே மாற்றச் சொல்லுங்கள்.

## அறிகுறி 5: புது பாஸ்வேர்டைப் போட்டால் ஏற்கவில்லை

நீளம். பழைய மாடல்கள் சில 14 அல்லது 15 எழுத்துக்கு மேல் வாங்காது. அதில் மோசமானவை பிழை எதுவும் சொல்லாமல் மீதியை வெட்டிவிட்டுச் சேமித்துக்கொள்ளும். அடுத்த தடவை முழுசாக அடித்தால் தவறு என்று வரும். நான் எப்போதும் பாஸ்வேர்டுக் கட்டத்துக்குள் அடித்து முடித்ததும் புள்ளிகளை எண்ணிப் பார்ப்பேன். அடித்ததற்கும் புள்ளிக்கும் கணக்கு ஒத்து வரவில்லை என்றால் சுருக்கிக்கொள்வேன்.

குறிகள். இடைவெளி, மேற்கோள் குறி, `&`, `<`, `\`, `%` இவற்றைத் தவிருங்கள். ரவுட்டர் மென்பொருள்கள் இவற்றில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் கலந்து 12 முதல் 14 எழுத்து இருந்தாலே வீட்டுக்குப் போதும். ஒரு குறி கட்டாயம் என்று பக்கம் அடம்பிடித்தால் `-` அல்லது `_` போடுங்கள். சிலவற்றில் `@` கூடச் சரியாகப் போகும். வைஃபை பாஸ்வேர்டையே இங்கும் போட வேண்டாம், அது தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். வீட்டுப் பெயர், மொபைல் எண், குழந்தையின் பிறந்த நாள் எல்லாம் அடுத்த வீட்டுப் பையன் முதல் பத்து முயற்சியில் போட்டுப் பார்ப்பவை.

பழைய பாஸ்வேர்டுக் கட்டம். பிரவுசர் தானாக வேறு ஏதாவது நிரப்பியிருக்கலாம். அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள்.

மாற்றும் வரிசையும் முக்கியம். புது பாஸ்வேர்டை முதலில் காகிதத்தில் எழுதுங்கள், காகிதத்தைப் பார்த்துத்தான் பக்கத்தில் அடிக்க வேண்டும். தலையில் யோசித்துக்கொண்டே அடித்தவர்கள்தான் மறுநாள் கூப்பிடுகிறார்கள். முடிந்தால் கேபிளில் இணைந்து செய்யுங்கள். புது ரவுட்டர் என்றால் பாஸ்வேர்டு மாற்றி முடியும்வரை WAN கேபிளைச் செருகவே வேண்டாம், கம்பெனி பாஸ்வேர்டோடு அது ஒரு நிமிடம்கூட இணையத்தைப் பார்க்காது. ஆப் வழியாக மட்டும் அமைக்கும் மாடல்களில் இது முடியாது, அவற்றுக்கு இணையம் வேண்டும்.

Save அல்லது Apply அழுத்தியதும் வெளியே வந்துவிடுங்கள். பிறகு பிரவுசரில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து, காகிதத்தைப் பார்த்துப் புது பாஸ்வேர்டை அடித்து உள்ளே போங்கள். போக முடிந்தால் பழைய பாஸ்வேர்டையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், அது விடக் கூடாது.

## அறிகுறி 6: மாற்றினேன், மறுநாள் பழையதே வேலை செய்கிறது

Save அழுத்தாமல் பக்கத்தை மூடியிருக்கலாம். சில ஃபைபர் பெட்டிகளில் Apply தற்காலிகத்துக்குத்தான், அதோடு தனியாக ஒரு Save அல்லது Commit இருக்கும். அதை விட்டுவிட்டால் கரண்டு போய் வந்தவுடன் பழையது திரும்பிவிடும். சோதிக்க எளிய வழி, மாற்றியவுடன் நீங்களே ஒரு தடவை அணைத்துப் போட்டு, மறுபடி நுழைந்து பார்ப்பதுதான்.

அணைத்துப் போட்டும் புதியது நிற்கிறது, ஆனால் சில நாளில் பழையதாகிவிடுகிறது என்றால், ஆபரேட்டரின் சர்வர் தன் அமைப்புகளைத் திரும்ப அனுப்புகிறது என்று சந்தேகிக்கலாம். பெட்டியில் TR-069 அல்லது CWMP என்று ஒரு பகுதி இருந்தால் வேலை அதன் வழியாகத்தான் நடக்கும். அதை நீங்களாக அணைக்காமல் அவரிடம் சொல்லி, அவர் பக்கத்தில் மாற்றச் சொல்லுங்கள். மசியவில்லை என்றால், அவருடைய பெட்டியை இணையத்தை அப்படியே கடத்திவிடும் வெறும் பாலமாக வைத்துவிட்டு, சொந்த ரவுட்டரில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. அதற்குப் பணமும் அவருடைய ஒத்துழைப்பும் வேண்டும்.

## அறிகுறி 7: பாஸ்வேர்டு நான் மாற்றாமலே மாறியிருக்கிறது, அல்லது தளங்கள் விசித்திரமாகத் திறக்கின்றன

இதுவரை சொன்னவை எரிச்சல் தருபவை, இது ஆபத்தானது. கம்பெனி பாஸ்வேர்டோடு நெடுநாள் கிடந்த பெட்டியில் யாரோ நுழைந்திருக்கலாம். நுழைபவர்கள் வழக்கமாக மாற்றுவது, தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் DNS-ஐ. நீங்கள் வங்கியின் பெயரை அடித்தாலும் அவர்கள் சொல்லும் சர்வருக்கு உங்களை அனுப்புவதற்காக. பிரேசிலில் 2011-இல் தொடங்கி லட்சக்கணக்கான மோடம்களில் இப்படித்தான் DNS-ஐ மாற்றினார்கள். அங்கே மென்பொருள் ஓட்டை வழியாகப் புகுந்தார்கள், மாற்றாத பாஸ்வேர்டு என்றால் அந்தச் சிரமம்கூட இல்லை.

உள்ளே போக முடிந்தால் இரண்டு இடம் பாருங்கள். WAN பகுதியிலும் DHCP பகுதியிலும் Primary DNS என்ன என்று பாருங்கள். 0.0.0.0 அல்லது ஆபரேட்டர் கொடுத்தது அல்லது நீங்களே போட்ட 8.8.8.8, 1.1.1.1 போன்றவை என்றால் சரி. யாருக்கும் தெரியாத எண் என்றால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது Remote Management. இது அணைந்திருக்க வேண்டும். பழைய டிபி-லிங்க் பக்கத்தில் அணைக்கும் பொத்தானுக்குப் பதில் ஒரு முகவரிக் கட்டம் இருக்கும், அதில் 0.0.0.0 என்றால் மூடியிருக்கிறது, 255.255.255.255 என்றால் உலகில் யார் வேண்டுமானாலும் லாகின் பக்கத்தைத் திறக்கலாம்.

எண் மாறியிருந்தால், சொந்த ரவுட்டரை ரீசெட் செய்து, கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலுக்கும் அதன் வன்பொருள் பதிப்புக்கும் உரிய புது மென்பொருளை ஏற்றி, பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். வெறுமனே பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் உள்ளே வைத்த DNS அப்படியே இருக்கும். இந்த இடைவெளியில் வங்கி வேலை எதையும் அந்த வைஃபையில் செய்யாதீர்கள், சிம் டேட்டாவில் செய்யுங்கள். ஏற்கெனவே செய்திருந்தால் அந்தப் பாஸ்வேர்டையும் சிம் டேட்டாவிலேயே மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். அந்த மாடலுக்குப் புது மென்பொருள் வெளிவருவதே நின்றுவிட்டது என்றால் சரிசெய்வதில் பயனில்லை, வேறு வாங்குங்கள்.

ஆபரேட்டரின் பெட்டி என்றால் நீங்கள் எதையும் அழிக்காமல், DNS எண் தெரியும் பக்கத்தைப் படம் பிடித்து, பெட்டியின் மாடல் எண்ணோடு அவருக்கு அனுப்புங்கள். "நெட் ஸ்லோ" என்று சொன்னால் ரீஸ்டார்ட் பண்ணுங்கள் என்று சொல்லி வைத்துவிடுவார்கள். "DNS மாறியிருக்கிறது, நான் மாற்றவில்லை, படம் அனுப்பியிருக்கிறேன்" என்று சொன்னால் ஆள் வருவார்.